மண்பாண்டம் செய்பவர் முன்கூட்டியே நிறையச் செய்து வைக்க எது நல்லது: பச்சை மண் பிள்ளையாரா, கார்த்திகை அகலா?

சுடாத பிள்ளையார் கனமானவர், நிழலில் மெதுவாகத்தான் காய்வார். அவசரப்பட்டு வெயிலில் வைத்தால் வெளிப்பக்கம் மட்டும் காய்ந்து சுருங்கி, தும்பிக்கை ஒட்டிய இடத்தில் விரிசல் விடும். அடிப்பாகம் தொட்டால் சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம்தான். அதனால் சதுர்த்திக்கு முந்தைய வாரம் வரும் பெரிய சிலை ஆர்டரை மறுப்பதே நல்லது.

அகல் மெல்லியது, சீக்கிரம் காயும். ஆனால் கார்த்திகைக்கு முன்பு வடகிழக்கு மழை. ஈரத்தோடு சூளையில் அடுக்கினால் நீராவியில் வெடித்துவிடும். ஆகவே மழைக்கு முன்பே, ஆர்டருக்குக் காத்திராமல், சுட்டு வைக்க வேண்டும்.

அப்புறம், மிச்சம். விற்காத சிலையை உடைத்து ஊறவைத்தால் மறுபடி களிமண். வர்ணம் பூசியிருந்தால் சிக்கல். சுட்ட அகல் மண்ணாகாது, ஆனால் அடுத்த வருடமும் விற்கும். முன்கூட்டியே நிறையச் செய்ய நான் அகலைத்தான் தேர்ந்தெடுப்பேன். பெரிய சிலையை முன்பணம் வாங்கியபிறகே தொடுவேன்.