ஷீட்ல EE-ன்னு இருந்தா கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி இத படிங்க (துவாஸ் யார்டுல நான் ஏமாந்தது)

மக்களே, சிங்கப்பூர்ல ஷிஃப்ட் வேலை பாக்குற எல்லாரும் இத ஒரு தடவ படிச்சிருங்க, குறிப்பா புதுசா வந்த தம்பிங்க. ரெண்டு எழுத்து புரியாம மூணு மாசத்துல 396 வெள்ளி விட்டேன், அது முழுசா திரும்பி வரல.

நான் புதுக்கோட்டை பக்கம், துவாஸ்ல ஒரு கப்பல் யார்டுல எலக்ட்ரிக்கல் செக்ஷன். கம்பெனி பேரு வேணாம். ஊர்லேர்ந்து கெளம்பும்போது ஐபிஏ லெட்டர் தமிழ்லயே வந்துச்சு, பேசிக் 780 வெள்ளின்னு தெளிவா இருந்துச்சு, அதனால இங்க எல்லாமே இப்படித்தான் இருக்கும்போலன்னு நெனச்சுட்டேன். வந்து பாத்தா ரோஸ்டர் இங்கிலீஷ், டாஸ்க் ஷீட் இங்கிலீஷ், அதுலயும் பாதி சுருக்கெழுத்து. பத்தாவது வரைக்கும் இங்கிலீஷ் படிச்சவன்தான், எழுத்துக்கூட்டி வாசிச்சிருவேன், ஆனா வாசிக்கிறது வேற அது என்ன சொல்லுதுன்னு புரியிறது வேற.

ரோஸ்டர் மாசம் பொறக்குறதுக்கு முன்னாடி வாட்ஸப் குரூப்ல வரும். நமக்கு அதுல பாக்க வேண்டியது ரெண்டே விஷயம், எந்தெந்த நாள் டே ஷிஃப்ட், எந்த நாள் லீவுன்னு. அங்கதான் முதல் தப்பு. சனிக்கெழமை கட்டத்துல OFF-ன்னு இருக்கும், ஞாயித்துக்கெழமை RD-ன்னு இருக்கும். நம்ம வாய்ல ரெண்டும் 'ஆஃபு'தான், ரெண்டும் லீவுதான். ஆனா சட்டத்துல ரெண்டும் வேற வேற. RD-ங்கறது ரெஸ்ட் டே, வாரத்துக்கு ஒரு நாள் கண்டிப்பா குடுக்க வேண்டியது. OFF-ங்கறது அஞ்சு நாள் வேலைங்கறதால சும்மா கெடைக்கிற இன்னொரு நாள். அன்னைக்கு வேலைக்கு கூப்பிட்டா குடுக்க வேண்டிய காசும் வேற வேற.

கணக்க என் சம்பளத்துலயே சொல்றேன், பொறுமையா பாருங்க. மாசம் 780, பன்னெண்டு மாசத்துக்கு 9,360, அத 52 வாரத்தால வகுத்தா வாரத்துக்கு 180. எங்களுக்கு வாரம் 44 மணி நேரம், அஞ்சு நாள், அதான் ஷிஃப்ட் 0800-ல ஆரம்பிச்சு 1748-ல முடியும், நடுவுல ஒரு மணி நேரம் சாப்பாடு (அந்த 48 நிமிஷம் ஏன்னு ரொம்ப நாளா தெரியாது, 44-அ அஞ்சால வகுத்தா 8 மணி 48 நிமிஷம் வருது, அவ்ளோதான்). 180-அ அஞ்சால வகுத்தா ஒரு நாள் கூலி 36 வெள்ளி. 44-ஆல வகுத்தா ஒரு மணி நேரத்துக்கு 4.09. ஆறு நாள் வேலை உள்ளவங்க ஆறால வகுக்கணும், அப்ப இதே 780-க்கு நாள் கூலி 30 வரும்.

இப்ப சனிக்கெழமை OFF-ல முழு ஷிஃப்ட் பாத்தா, அது 44 மணிக்கு மேல போற நேரம், ஒன்றரை மடங்கு ஓட்டி, அதாவது ஓவர்டைம் காசு. 54 வெள்ளி வரும். ஞாயித்துக்கெழமை RD-ல கம்பெனி கூப்பிட்டு முழு ஷிஃப்ட் பாத்தா ரெண்டு நாள் கூலி, 72. அதே ஞாயித்துக்கெழமை நாமளா கேட்டு வேலைக்கு வந்தா ஒரு நாள் கூலி மட்டும்தான், 36. கம்பெனி கூப்பிட்டதா நாம கேட்டதா, இந்த ஒரு வித்தியாசத்துலதான் பாதி காசு போகுது. பாதி ஷிஃப்ட்டு வரைக்கும்தான் பாத்தோம்னாலும் இதே கதைதான், கம்பெனி கூப்பிட்டா 36, நாமளா கேட்டா 18.

இது எனக்கு அப்ப தெரியாது. சாயங்காலம் கன்டெய்னர் ஆபீஸ்ல சூப்பர்வைசர் டாஸ்க் ஷீட்ட நீட்டுவார், லாரி வெளிய ஹாரன் அடிச்சிட்டு நிக்கும், பின்னாடி இருபது பேர் வரிசை, கையெழுத்த போட்டுட்டு ஓடுவோம். ஞாயித்துக்கெழமை ஷீட்டு மட்டும் கொஞ்சம் மாறி இருக்கும்:

```
SAT 14  OFF  0800-1748
SUN 15  RD   0800-1748  REQ: EE
```

EE-ன்னு பாத்துட்டு நான் எலக்ட்ரிக்கல்னு நெனச்சேன். சிரிக்காதீங்க. எலக்ட்ரிக்கல் செக்ஷன்ல இருக்கறவன் வேற என்ன நெனப்பான்? பெயின்டிங்ல இருக்க என் ரூம்மேட் ஷீட்டுலயும் EE-தான் இருந்துச்சுன்னு பின்னாடிதான் சொன்னான், அவன் அத பாக்கக்கூட இல்ல.

EE-ன்னா எம்ப்ளாயீ, அதாவது நாம. ER-ன்னா எம்ப்ளாயர், அதாவது கம்பெனி. REQ-ன்னா ரிக்வஸ்ட், யார் கேட்டாங்கன்னு. ஆக அந்த ஒரு கட்டத்துல, 'என் ரெஸ்ட் டேல நானே ஆசைப்பட்டு வேலைக்கு வந்தேன்'னு எழுதி, கீழ என் கையெழுத்து இருக்கு. எம்ப்ளாயீ எம்ப்ளாயர்னு முழுசா எழுதியிருந்தாலும் நமக்கு ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் தெரியும், கடைசி எழுத்துலதான் ஆளே மாறுது. இன்னும் சில கம்பெனில கட்டத்துக்கு பதிலா கீழ பொடி எழுத்துல ஒரு வரி இருக்குமாம், "I request to work on my rest day"-ன்னு. 'ஐ'ன்னு ஆரம்பிக்கிற வரிய கண்டா நின்னு படிங்க, ஏன்னா அத சொல்றது நீங்கதான்.

கண்டுபிடிச்சது நான் இல்ல. தேக்கால ஒரு ஞாயித்துக்கெழமை சாயங்காலம் (அதிசயமா அன்னைக்கு வேலை இல்ல) டீக்கடையில எங்க ஊர் பக்கத்து அண்ணன் ஒருத்தர பாத்தேன், பதினாலு வருஷமா இங்க இருக்கறவர். பேச்சு வாக்குல ஃபோன்ல இருந்த பே ஸ்லிப்ப காட்டுனேன்.

"தம்பி, ஏப்ரல்ல எத்தன ஞாயிறு போன?"

"நாலுண்ணே."

"ரெஸ்ட் டே பே 144-ன்னு இருக்கு. அப்ப ஒரு ஞாயிறுக்கு 36. சனிக்கெழமைக்கு என்ன குடுக்குறான்?"

ஓட்டி மணிநேரத்த வகுத்து பாத்தா ஒரு சனிக்கு 54.

"ஏன்டா, சனிக்கெழமைய விட ஞாயித்துக்கெழமைக்கு கம்மியா குடுக்குறான், வாங்கிட்டு வந்துருக்க?"

அப்பதான் மண்டையில ஒறச்சது. நான் எப்பவும் பேங்க்ல எவ்ளோ விழுந்துச்சுன்னு மட்டும்தான் பாப்பேன். பே ஸ்லிப்ல ஓட்டி தனியா, ரெஸ்ட் டே பே தனியா பிரிச்சு போட்டுதான் இருந்துச்சு, 2016 ஏப்ரல்லேர்ந்து அப்படி பிரிச்சு குடுக்கறது கட்டாயம். பிரிச்சு குடுத்தவன் குடுத்துட்டான், வகுத்து பாக்காதது நான்தான்.

சரின்னு ஆபீஸ்ல போய் கேட்டா, எச்ஆர் பொண்ணு மரியாதையாத்தான் பேசுச்சு, ஃபைல எடுத்து பதினோரு ஷீட்ட வரிசையா வச்சு, "யூ சைன்"னுச்சு. அதோட முடிஞ்சு போச்சு. சூப்பர்வைசர்ட்ட கேட்டேன், அவரும் நம்மாளுதான், தமிழ்தான், "எல்லாருக்கும் அப்படித்தான்டா போடுவோம், வேலை வேணுமா வேணாமா"ன்னார். இங்கிலீஷ் தெரியாததால ஏமாந்தேன்னு சொல்றேன், ஆனா தமிழ்ல ஒரு வார்த்த சொல்ல ஆள் பக்கத்துலயே இருந்துச்சு, சொல்லல. அதுதான் இன்னும் வயிறு எரியுது.

அப்புறம் மைக்ரண்ட் ஒர்க்கர்ஸ் சென்டர்ல விசாரிச்சு, சம்பளத் தகராறு பாக்குற டாடெம்ல (TADM) க்ளெய்ம் போட்டேன். வேலைல இருந்துக்கிட்டே போடலாம், காசு வரவேண்டிய நாள்லேர்ந்து ஒரு வருஷத்துக்குள்ள போடணும். வேலைய விட்டுட்டா ஆறு மாசம்தான், அதனால ஊருக்கு போயிட்டு பாத்துக்கலாம்னு இருக்காதீங்க. மீடியேஷன்ல கம்பெனி அதே பதினோரு ஷீட்ட வச்சாங்க. எங்கிட்ட இருந்தது சூப்பர்வைசர் சனிக்கெழமை ராத்திரி குரூப்ல போட்ட மெசேஜ்: "Tomorrow all must come." மஸ்ட் கம்னு அவரே எழுதிருக்கார், அப்புறம் நான் எங்க ஆசைப்பட்டு கேட்டேன்? அதுக்கு அவங்களால பதில் சொல்ல முடியல. அவசர ரிப்பேரு, விபத்து மாதிரி சில காரணத்துக்கு தவிர ரெஸ்ட் டேல கட்டாயப்படுத்தி வேலைக்கு கூப்பிடவே கூடாதாம், அதுவும் அன்னைக்குதான் தெரிஞ்சுது.

ஆனா ஏழு ஞாயிறுக்குத்தான் மெசேஜ் இருந்துச்சு. மீதி நாலுக்கு காலையில டாமிட்டரி கதவ தட்டி வாயால கூப்பிட்டது, ஆதாரம் இல்ல. ஏழுக்கு 36 வீதம் 252 வெள்ளிக்கு செட்டில் பண்ணாங்க. நாலு ஞாயிறோட 144 போச்சு. ட்ரிப்யூனல் வரைக்கும் போயிருக்கலாம், எனக்கு தெம்பு இல்ல, ஒத்துக்கிட்டேன்.

ஷீட்ட ஃபோட்டோ எடுத்து வச்சிருக்க வேண்டியதுதானன்னு கேப்பீங்க. எங்க யார்டுக்குள்ள கேமரா ஃபோனுக்கு அனுமதி கெடையாது, கேட்லயே வாங்கி வச்சிருவாங்க. அதனால இப்ப சட்டப் பைல ஒரு சின்ன நோட்டு. தேதி, ரோஸ்டர்ல என்ன எழுத்து, யார் எத்தன மணிக்கு எப்படி கூப்பிட்டாங்க, உள்ள போன நேரம் வந்த நேரம், ஷீட்ல என்ன எழுத்து. தமிழ்லதான் எழுதுறேன், இங்கிலீஷ் எழுத்த மட்டும் அப்படியே பாத்து வரையுறேன். வாயால கூப்பிட்டா உடனே வாட்ஸப்ல "Boss, you call me Sunday work, I come 8am"-ன்னு ஒண்ணு அனுப்பிருவேன். அவர் தம்ஸ் அப் போட்டாலும் போதும். ரோஸ்டர் வந்த அன்னைக்கே ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கறேன், ஏன்னா மாசக் கடைசில ரிவிஷன்னு சொல்லி RD இருந்த எடத்துல OFF-ன்னு மாத்தி இன்னொன்னு போடுவாங்க, அப்படி மாத்துனா 72 சத்தமில்லாம 54 ஆயிரும். எது முன்னாடி வந்துச்சுன்னு காட்ட பழசு கையில இருக்கணும்.

இன்னொன்னு, டாஸ்க் ஷீட்ல SB-ன்னு ஒரு கட்டம் பாத்தீங்கன்னா அதயும் கவனிங்க, ஸ்டான்ட்பை. டேங்க்குக்குள்ள எறங்கறதுக்கு முன்னாடி கேஸ் செக் முடிய ஒன்றர மணி நேரம் வெளிய காத்துக் கெடப்போம், அத SB 1.5-ன்னு போட்டு ஓட்டிலேர்ந்து கழிச்சிருந்தாங்க ரெண்டு தடவ. சாப்பாட்டு நேரம், ரெஸ்ட் டைம்னு விட்டது வேற. வேலை எப்ப சொல்லுவாங்கன்னு எங்கயும் போக முடியாம கம்பெனி கைல நிக்கிற நேரம் வேலை நேரம்தான். இதயும் க்ளெய்ம்ல சேத்திருக்கணும், விட்டுட்டேன்.

போன ஞாயிறு மறுபடி கூப்பிட்டாங்க, மெசேஜ்லதான், அதனால போனேன். சாயங்காலம் ஷீட்ல மறுபடி EE. நான் பேனாவ வாங்கி EE-அ ஒரு கோடு போட்டு அடிச்சு, பக்கத்துல ER-ன்னு எழுதி, கீழ 'சூப்பர்வைசர் கூப்பிட்டு வந்தேன்'னு தமிழ்ல எழுதி கையெழுத்து போட்டேன். சூப்பர்வைசர் ஷீட்டயும் என்னயும் மாறி மாறி பாத்தார், ஒண்ணும் சொல்லல. பின்னாடி வரிசைல நின்ன பெயின்டிங் தம்பி எட்டிப் பாத்துட்டு, "அண்ணே, எனக்கும் அந்த எழுத்த எழுதிக் குடுங்க"ன்னான். ஸ்லிப் அடுத்த மாசம் வரும், ரெஸ்ட் டே பே எவ்ளோன்னு வகுத்து பாத்துட்டு இங்கயே எழுதுறேன்.