ட்ரெய்லரின் முதல் ஐந்து விநாடி: ஓபிஎஸ், ரிசால்வ் இரண்டோடும் பழகிய அனுபவம்

எங்கள் குழுவில் ட்ரெய்லர் வேலை எப்போதும் என் தலையில்தான் விழும். பதிவு செய்ய ஓபிஎஸ் ஸ்டூடியோ, எடிட்டிங்குக்கு டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு. சில வருடங்களாக இந்த ஜோடியை விட்டு நான் நகரவில்லை. இவை என்னவெல்லாம் செய்யும் என்று முழுப் பட்டியல் போடப்போவதில்லை. கடைப் பக்கத்தில் ஓடும் கேம்பிளே ட்ரெய்லரின் முதல் ஐந்து விநாடிக்கு இவை எந்த அளவு கைகொடுக்கின்றன என்பதை மட்டும் சொல்கிறேன். மீதி நிமிடத்தை எப்படி வெட்டினாலும் ஓரளவு தேறிவிடும், இந்த ஐந்து விநாடிதான் படுத்தும்.

ஸ்டீம் பக்கத்தைத் திறப்பவருக்கு விளையாட்டின் பெயர், அட்டைப் படம், இரண்டு வரி விவரம் எல்லாம் வீடியோவுக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. அதனால் லோகோவோடு தொடங்கும் ட்ரெய்லர், அவர் ஏற்கெனவே படித்ததையே திரும்பச் சொல்கிறது. அவருக்கு இன்னும் தெரியாதது ஒன்றுதான்: இதில் நான் என்ன செய்வேன்? ஆப் ஸ்டோரில் முன்னோட்ட வீடியோ சத்தமில்லாமல்தான் தானாக ஓடும். ஆகவே அந்தக் கேள்விக்கான பதில் படத்திலேயே தெரிந்தாக வேண்டும், இசையை நம்ப முடியாது.

நாங்கள் கடைசியாகச் செய்த விளையாட்டில் நிழல்கள் கெட்டியானவை. விளக்கை நகர்த்தினால் நிழல் நீளும், அதன் மேல் நடக்கலாம். பழைய வெட்டில் முதலில் லோகோ, அப்புறம் மலைக்காட்சி, அதன் மேல் கதையைச் சொல்லும் இரண்டு வரி. விளக்கு முதன்முதலாக நகர்வதற்குள் பத்து விநாடிக்கு மேல் போய்விடும். புதிய வெட்டு ஒரே ஷாட். முதல் ஃப்ரேமிலேயே பள்ளத்தின் ஓரத்தில் பாத்திரம் நிற்கிறது, விளக்கு ஏற்கெனவே இறங்கத் தொடங்கியிருக்கிறது. ஏறக்குறைய 40ஆவது ஃப்ரேமில் கம்பத்தின் நிழல் பள்ளத்துக்கு மேல் நீள்கிறது. 110இல் பாத்திரம் அதன் மேல் ஓடுகிறது. 190இல் ஒரு பறவை விளக்கில் மோத, நிழல் அறுந்து பாத்திரம் விழுகிறது. விநாடிக்கு 60 ஃப்ரேம் என்றால் இவ்வளவும் மூன்றரை விநாடிக்குள் முடிந்துவிடும். விதி என்ன, அதை வைத்து என்ன செய்யலாம், அது எப்படிக் கெடும் என்ற மூன்றும் வந்துவிட்டன, ஓர் எழுத்துகூட திரையில் வரவில்லை.

இதே மூன்று விநாடியில் ஆறு ஷாட்டுகளைத் திணிப்பவர்கள் உண்டு. வேகமாக இருக்கிறது என்பது சரிதான். ஆனால் விளையாட்டை அறியாத கண்ணுக்கு ஒவ்வொரு முறை ஷாட் மாறும்போதும் பாத்திரம் எங்கே என்று தேடவே நேரம் போய்விடும், தேடி முடிப்பதற்குள் அடுத்த கட் வந்துவிடும். ஒரு காரணமும் அதன் விளைவும் முழுதாகத் தெரியும்வரை முதல் ஷாட்டை வெட்டாமல் விடுவதே நல்லது என்பது என் கட்சி.

இப்படி ஒரு ஷாட் எடிட்டிங்கில் கிடைக்காது, பதிவில்தான் கிடைக்கும். அங்கேதான் ஓபிஎஸ்ஸின் Replay Buffer எனக்கு உயிர். Settings → Output பகுதியில் இதை இயக்கி, Maximum Replay Time-ஐ 20 விநாடி என்று வைத்து, Save Replay-க்கு ஒரு குறுக்குவிசை கொடுத்துவிடுவேன். Start Replay Buffer-ஐ அழுத்திவிட்டு நம் பாட்டுக்கு விளையாடிக்கொண்டிருக்கலாம். பறவை சரியான நேரத்தில் வந்து மோதியதும் விசையைத் தட்டினால் கடந்த 20 விநாடி கோப்பாகிவிடும். ஒரு மணி நேரப் பதிவை உருட்டித் தேடும் வேலையே இல்லை. தட்டுவதற்கு முன் இரண்டு விநாடி காத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் விழும் காட்சியின் வால் இல்லாமல் போய்விடும். இன்னொன்று, Rate Control-ஐ CQP என்ற நிலையான தர முறையில் வைத்தால் நினைவகத்துக்கும் ஓர் உச்சவரம்பு கேட்கும். அந்த வரம்பு சிறியதாக இருந்தால், 20 விநாடி என்று போட்டிருந்தாலும் குறைவாகவே சேமிக்கப்படும். ஷாட்டின் தொடக்கம் காணவில்லை என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

விளையாட்டுக்குள்ளும் கொஞ்சம் ஏற்பாடு வேண்டும். பயிற்சிக் குறிப்புகளை மறைக்கும் விசையும் பறவை வரும் நேரத்தை நிலைநிறுத்தும் வசதியும் எங்களிடம் உண்டு. விளக்கை மவுஸால் இழுத்தால் கைநடுக்கம் திரையில் தெரியும், அதனால் கேம்பேடில், உணர்திறனைப் பாதியாக்கி நகர்த்துவேன். உயிர்க்கணக்கு போன்ற சிறு அடையாளங்களை மட்டும் மறைப்பதில்லை. எல்லாவற்றையும் துடைத்துவிட்டால் இது அனிமேஷன் படமா, விளையாடும் காட்சியா என்ற சந்தேகம் வந்துவிடுகிறது. பின்னணி இசையை விளையாட்டிலேயே அணைத்துவிட்டுத்தான் பதிவு. இல்லையென்றால் வெட்டும் இடத்தில் எல்லாம் பாட்டும் துண்டாகும்.

ரிசால்வில் முதல் வேலை, 60 ஃப்ரேமில் எடுத்த கிளிப்பை உள்ளே போடும்போது வரும் கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்வது. புதிய புராஜெக்ட்டின் இயல்பு வேகம் 24 ஃப்ரேம். கிளிப்புக்கு ஏற்ப மாற்றவா என்று கேட்கும், மாற்றச் சொல்லிவிட வேண்டும். கிளிப் உள்ளே வந்துவிட்டால் புராஜெக்ட்டின் அந்த எண் பூட்டிக்கொள்ளும். 24இல் விட்டுவிட்டால் விளக்கு வழுக்கிக்கொண்டு நகராமல் குதித்துக் குதித்து நகரும், பார்ப்பவர் விளையாட்டே திணறுகிறது என்று நினைப்பார். இலவசப் பதிப்பில் 60 ஃப்ரேம் வரை ஏற்றுமதி செய்யலாம், கடைப் பக்கத்துக்கு அது தாராளம்.

அடுத்த ஷாட்டுக்குத் தாவும் இடத்தில் ஒன்றைக் கவனிப்பேன். பாத்திரம் திரையின் வலது கீழ் மூலையில் விழுந்து மறைந்தால், அடுத்த ஷாட்டிலும் அது அதே மூலைக்குப் பக்கத்தில்தான் தோன்ற வேண்டும். கண் ஏற்கெனவே அங்கேதான் இருக்கிறது. சில சமயம் Inspector-இல் Zoom, Position இரண்டையும் லேசாக மாற்றினாலே போதும், படம் மங்கும் அளவுக்குப் பெரிதாக்க வேண்டியிருந்தால் மறுபடி பதிவுதான். தொடக்கத்தில் இருட்டிலிருந்து மெல்ல விரியும் காட்சி எனக்கு ஆகாது. அரை விநாடி கறுப்பு என்றாலும், பக்கத்தைத் திறந்தவருக்கு வீடியோ இன்னும் ஏறவில்லை என்றுதான் தோன்றும்.

சோதனைக்கு முழு ட்ரெய்லரை யாருக்கும் காட்டுவதில்லை. முதல் ஆறு விநாடியைச் சத்தமில்லாமல், சின்ன அளவில், ffmpeg என்ற கட்டளைவரிக் கருவியால் வெட்டி அனுப்புவேன்:

```
ffmpeg -i trailer.mp4 -t 6 -an -vf scale=480:-2 test.mp4
```

“நல்லா இருக்கா?” என்று கேட்பது வீண், எல்லோரும் நல்லா இருக்கு என்பார்கள். “இதில் ஆடுபவர் என்ன செய்கிறார்?” என்று மட்டும் கேட்பேன். எங்கள் பழைய வெட்டுக்கு வந்த பதில், “ஏதோ மலை, சோகமான கதை போல.” புதியதற்கு, “விளக்கை இறக்கி நிழலைப் பாலமாக்குகிறார், பறவை வந்து கெடுத்துவிட்டது.” பதிலில் வினைச்சொல் வந்துவிட்டால் அந்த ஷாட்டை அப்படியே விட்டுவிடுவேன். “அழகான இடம்” என்பது போலப் பெயரடை மட்டும் வந்தால் ரிசால்வைத் திறப்பதே இல்லை, நேராக ஓபிஎஸ்தான்.

எல்லா வகைக்கும் இது பொருந்தாது. உரையாடலே பிரதானமான விளையாட்டில் மூன்று விநாடிக்குள் காரணமும் விளைவும் காட்டுவது கடினம். அங்கே ஒரு கேள்வியும் அதற்கான தேர்வுகளும் படிக்கும் அளவில் திரையில் நிற்க வேண்டும், ஐந்து விநாடி அதற்கே போய்விடும். கைபேசிக்கான செங்குத்து வடிவமும் தனி வேலை. எங்கள் பள்ளம் அகலமானது, பக்கங்களை வெட்டியதும் விளக்கோ பாத்திரமோ ஒன்றுதான் சட்டத்துக்குள் நின்றது. நிழல் மேல்நோக்கி ஏணியாக நீளும் வேறொரு கட்டத்தை அதற்கென்று புதிதாகப் பதிவு செய்தோம்.