மாடி வீட்டை ரெண்டா பிரிக்க: உள் படியா, வெளிப் படியா?

கீழ அம்மா அப்பா, மேல தம்பி குடும்பம்னு மொரீஷியஸ் ரோஸ்ஹில்ல இருக்கிற எங்க வீட்டைப் பிரிச்சப்போ ரொம்ப குழப்பினது படிதான்.

செலவு: உள் படியை வச்சுக்கிட்டு சுத்தி சுவர் எழுப்பி பொது வாசல் ஆக்கினா கம்மி. வெளிப் படின்னா அஸ்திவாரம், மேல கதவுக்கு லிண்டல், பழைய படி ஓட்டையை மூடுறதுன்னு ஏறிக்கிட்டே போகும்.

உறுதி: வெளிப் படியை ஸ்லாப் ஓரத்துல தொங்க விடாதீங்க, தனித் தூண் வேணும். ஓட்டையில சும்மா கான்கிரீட் ஊத்தினா நாலு ஓரமும் விரிசல் விடும், பக்க பீம்ல துளை போட்டு எபாக்ஸி வச்சு கம்பி நட்டு, இன்ஜினியர் பாத்தப்புறம்தான் ஊத்தணும். உள் படின்னா மாடியில புது பிளாக் சுவருக்கு நேர் கீழ பீம் இருக்கான்னு பாருங்க, இல்லன்னா ஸ்லாப் தொய்யும்.

மீட்டர்: ரெண்டுலயும் ஒரே வேலைதான். மின்சார வாரியமான சி.இ.பி.யோட மீட்டர் ரெண்டாகணும், மேல தனி போர்டு வேணும். வேலை முடிஞ்சதும் கீழ மெயினை ஆஃப் பண்ணிட்டு மேல ஒவ்வொரு ஸ்விட்சா போட்டுப் பாருங்க, எங்க வீட்ல மாடி பாத்ரூம் லைட் மட்டும் எரியல, அந்த ஒயர் கீழ போர்டுலயே கிடந்துச்சு.

வெளியாளுக்கு வாடகைக்கு விடறதா இருந்தா வெளிப் படி. சொந்தக்காரங்கதான்னா உள் படி போதும், சைக்ளோன் மழையில நனையாம அம்மாவுக்கு சாப்பாடு கொண்டு போகலாம்.