நான்கு நட்சத்திரம் வாங்கிய படம் குப்பைக்குப் போனது எப்படி: படத்தேர்வை வெளியில் கொடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

இரண்டு நாள் தடகளப் போட்டி, மொத்தம் 3,860 படங்கள். மறுநாளே வேறொரு வேலை காத்திருந்ததால், படம் பொறுக்கும் வேலையை முதல் தடவையாக வெளியில் கொடுத்தேன். அதை மட்டுமே தொழிலாகச் செய்யும் ஒரு சேவை அது. அவர்கள் எழுத்தில் இரண்டு வாக்குறுதிகள் தந்தார்கள். ஒவ்வொரு படத்தையும் முழு அளவுக்குப் பெரிதாக்கிப் பார்ப்போம் என்றார்கள். எதையும் அழிக்க மாட்டோம், வேண்டாதவற்றுக்கு அடையாளம் மட்டும் வைப்போம் என்றார்கள். இரண்டுமே காற்றில் போயின.

மூன்றாம் நாள், படங்களுக்கு வைத்த அடையாளங்களைச் சேமித்து வைக்கும் லைட்ரூம் கிளாசிக் கேட்டலாக் கோப்பும் படங்கள் இருந்த கோப்புறையும் திரும்பி வந்தன. உள்ளே இருந்தவை 1,912 படங்கள். மீதி 1,948 படங்களைக் காணவில்லை. நான் அனுப்பியது நகல்தான், மூலப்படங்கள் என் வட்டில் பத்திரமாக இருந்தன. இல்லாவிட்டால் இந்தப் பதிவின் தொனியே வேறாக இருந்திருக்கும்.

தொடர் ஓட்ட இறுதிச் சுற்றைத் தேடியபோதுதான் முதல் சந்தேகம் வந்தது. பேட்டன் கைமாறும் நொடியை ஒரே அழுத்தலில் 12 படங்களாக எடுத்திருந்தேன், 2117 முதல் 2128 வரை. திரும்பி வந்த கோப்புறையில் 2116க்கு அடுத்து 2129 இருந்தது. ஒரு கொத்தில் பதினொன்றைக் கழிப்பது சாதாரணம். பந்தயத்தையே தீர்மானித்த நொடியின் 12 படங்களையும் எந்தக் கண்ணும் ஒட்டுமொத்தமாகக் கழிக்காது.

கேட்டேன். “அவை எல்லாமே மங்கல்” என்று பதில் வந்தது. என் மூலப்படத்தில் 2121ஐத் திறந்து முழு அளவில் பார்த்தேன். பேட்டனைப் பற்றிய விரல்களின் நகம் வரை தெளிவாக இருந்தது.

அவர்கள் அனுப்பியதில் ஒன்றை அவர்களே கவனிக்கவில்லை. லைட்ரூம் மூடும்போது எடுத்து வைக்கும் கேட்டலாக் நகல்கள், Backups என்ற கோப்புறையில் தேதி வாரியாக அப்படியே இருந்தன. அழிப்பதற்கு முந்தைய இரவின் நகலை விரித்துத் திறந்து, காணாமல் போன கோப்புறைக்குப் பதிலாக என் மூலப்படங்களின் இடத்தைக் காட்டினேன். 1,948 படங்களும் நிராகரிப்புக் கொடியோடு வரிசையாக வந்து நின்றன. 2121இன் கீழே நான்கு நட்சத்திரங்கள் இருந்தன.

இங்கே விசைகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். P அழுத்தினால் படத்துக்கு ஏற்புக் கொடி கிடைக்கும், X அழுத்தினால் நிராகரிப்பாகும், U அழுத்தினால் கொடி நீங்கும். 1 முதல் 5 வரையிலான எண்கள் நட்சத்திரம் தரும், 0 அதை நீக்கும். கொடிக்கு ஓர் இடம்தான் உண்டு. P வைத்த படத்தில் X விழுந்தால் பழைய P தடயமில்லாமல் போய்விடும். நட்சத்திரம் வேறு இடத்தில் இருக்கிறது, X விழுந்தாலும் அது அசையாது. எல்லா மென்பொருளும் இப்படியில்லை. அடோபி பிரிட்ஜில் நிராகரிப்பு என்பதே நட்சத்திரத்தின் இடத்தில் எழுதப்படும் -1 என்ற மதிப்பு. அதில் இந்த வேலை நடந்திருந்தால் எனக்குச் சாட்சியே கிடைத்திருக்காது.

நான்கு நட்சத்திரம் தந்த கை அதே படத்தைத் தெரிந்தே நிராகரிக்காது. அதனால் மேலே உள்ள வடிகட்டிப் பட்டையை \ விசையால் வரவழைத்து, நிராகரிப்புக் கொடியும் குறைந்தது ஒரு நட்சத்திரமும் சேர்ந்திருக்கும் படங்களை மட்டும் கேட்டேன். 214 வந்தன. அவை அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கவில்லை. அவை இருந்த இடங்களை ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்தேன். எல்லாமே முழுக்கொத்தும் போன இடங்கள். ஒரு கொத்தில்கூட ஒரு படம் தப்பவில்லை.

வேலை செய்த இளைஞரிடமே நேரில் பேசக் கேட்டேன். நேர்மையானவர். திரையைப் பகிர்ந்து, தான் செய்ததை அப்படியே செய்து காட்டினார். கட்டக் காட்சியில் கொத்தின் முதல் படத்தைச் சொடுக்கி, Shift பிடித்துக் கடைசிப் படத்தைச் சொடுக்கினார். 12 படங்களும் தேர்வாயின. E அழுத்தி ஒற்றைப் படக் காட்சிக்குப் போய், அம்பு விசையால் அந்த 12க்குள் நகர்ந்து நட்சத்திரம் வைத்தார். ஒற்றைப் படக் காட்சியில் விசை கண்முன் இருக்கும் படத்துக்கு மட்டுமே போகும், அதுவரை எல்லாம் சரி. பிறகு G அழுத்திக் கட்டக் காட்சிக்குத் திரும்பினார். ஓரத்தில் கண்மூடிய முகம் ஒன்று கண்ணில் பட, X அழுத்தினார்.

“சார், அந்த ஒரு படத்துக்குத்தான் அழுத்தினேன்” என்றார்.

அவர் அப்படித்தான் நினைத்தார். ஆனால் அந்த 12 படங்களின் தேர்வு இன்னும் நீங்கவில்லை. கட்டக் காட்சியில் விசை தேர்வான எல்லாப் படங்களுக்கும் போகும். 12க்கும் X விழுந்தது.

நிராகரித்த படங்கள் கட்டத்தில் மங்கிவிடுமே, எப்படிக் கவனிக்காமல் விட்டார் என்று எனக்கும் தோன்றியது. கொடி இல்லாதவற்றை மட்டும் காட்டும்படி வடிகட்டியை வைத்திருந்தார். வேகத்துக்காகப் பலர் செய்வதுதான். அதனால் X விழுந்த கணமே 12 படங்களும் திரையிலிருந்து மறைந்தன, அடுத்த கொத்து அந்த இடத்துக்கு வந்தது. அவர் கண்ணுக்கு அது வேலை முன்னேறியதாகவே பட்டது. அந்த நொடியில் Ctrl+Z அழுத்தியிருந்தால் எல்லாம் திரும்பியிருக்கும். கடைசியில் மேலாளர் வட்டில் இடம் போதவில்லை என்று சொல்லி Ctrl+Backspace அழுத்தி, வந்த பெட்டியில் Delete from Disk கொடுத்திருக்கிறார். முழு அளவில் பார்த்தீர்களா என்று கேட்டதற்கு அந்த இளைஞர் தயங்கி, “இரண்டு நாளில் முடிக்கச் சொன்னார்கள் சார்” என்று மட்டும் சொன்னார். அவர் மீது எனக்குக் கோபமில்லை. மங்கல் என்று பொய் சொன்னவர் மீதுதான் கோபம்.

மீட்டது இப்படி: அந்த 214 படங்களையும் கட்டக் காட்சியில் Ctrl+A கொடுத்து மொத்தமாகத் தேர்ந்து, U அழுத்தினேன். கெடுத்த அதே பழக்கம் ஒரே அழுத்தலில் சரியும் செய்தது. ஆனால் நட்சத்திரம் வாங்காமலே கொத்தோடு X விழுந்த நல்ல படங்களுக்கு எந்த அடையாளமும் இல்லை. மீதி 1,734 படங்களையும் நானே மறுபடி பார்த்தேன். ஒன்றரை மாலை போயிற்று, இன்னும் 37 நல்ல படங்கள் கிடைத்தன.

நீங்களும் இப்படி வெளியில் கொடுத்தால், திரும்பி வந்ததும் முதலில் எண்ணிக்கையைப் பாருங்கள். அனுப்பியதில் ஒன்று குறைந்தாலும் வேலையை ஏற்காதீர்கள். அடுத்து நான் சொன்ன வடிகட்டியைப் போடுங்கள், நட்சத்திரமும் நிராகரிப்பும் சேர்ந்த படங்கள் பூஜ்யமாக இருக்க வேண்டும். நீங்களே பொறுக்குவதானால் ஒவ்வொரு கொத்து முடிந்ததும் Ctrl+D அழுத்தித் தேர்வை நீக்குங்கள். கட்டத்தில் எத்தனை கட்டங்கள் வெளிர் நிறத்தில் இருக்கின்றன என்று ஒரு பார்வை பார்த்த பிறகு X பக்கம் விரலைக் கொண்டுபோங்கள்.

ஆதாரத்தோடு எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன். மென்பொருள் கோளாறு என்றார்கள். கோளாறு இல்லை, அது அப்படித்தான் இயங்கும் என்று திரும்ப எழுதினேன். பாதிக் கட்டணத்தைத் திருப்பித் தந்துவிட்டு, அடுத்த வேலைக்குத் தள்ளுபடி உண்டு என்றும் சேர்த்திருந்தார்கள்.