சிறுமலைக்கு எந்தப் புரொஜெக்‌ஷன்: யூடிஎம்மா, சொந்தமாக எழுதுவதா?

திண்டுக்கல்லுக்குத் தெற்கே உள்ள சிறுமலையில் நிலப்பயன்பாட்டு வரைபடம் போட உட்கார்ந்தால், முதலில் முட்டுக்கட்டை போடுவது 78° கிழக்குத் தீர்க்கரேகை. யூடிஎம்மின் 43, 44 மண்டலங்களைப் பிரிக்கும் கோடு அதுதான், அது மலையை ஊடறுத்துப் போகிறது. அந்தக் கோட்டின் மேல் நிற்கும் ஒரே புள்ளிக்கு 43-இல் கிழக்கு எண் ஏறக்குறைய 8,28,700 மீட்டர், 44-இல் 1,71,300 மீட்டர். வடதிசையும் ஒத்துப்போகாது. 43-இல் கட்ட வடக்கு உண்மை வடக்கிலிருந்து சுமார் அரை டிகிரி ஒரு பக்கம் விலகும், 44-இல் அதே அளவு எதிர்ப் பக்கம்.

சரி, முழு மலையையும் ஒரே மண்டலத்தில் வைத்துவிடலாமே என்று கேட்கலாம். வைக்கலாம், யாரும் தடுக்கப்போவதில்லை. ஆனால் யூடிஎம்மின் அளவுக் காரணி நடுக் கோட்டில் 0.9996; மூன்று டிகிரி தள்ளி, சிறுமலையின் அட்சரேகையில், 1.00094 ஆகிவிடும். ஒரு கிலோமீட்டருக்கு 94 சென்டிமீட்டர் கூடுதல். பரப்பில் இது இரட்டிப்பாகும்: 100 சதுர கிலோமீட்டர் காட்டுக்கு கிட்டத்தட்ட 19 ஹெக்டேர் சும்மா சேரும்.

க்யூஜிஐஎஸ் பயன்படுத்துபவர்கள் பலர் இதைக் கவனிக்காததற்குக் காரணம் உண்டு. அதில் `$area` என்று கேட்டால் திட்டத்தில் குறித்த நீள்கோளத்தின் மேல் கணக்கிடும், புரொஜெக்‌ஷனின் பிழை தெரியாது. `area(@geometry)` தட்டையான கட்டத்தில் அளக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்த 19 ஹெக்டேர் வெளியே வரும். ராஸ்டர் செல்களை எண்ணிப் பரப்பு சொல்பவர்களுக்கு இரண்டாவது எண்தான் கிடைக்கிறது என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

இதற்கு மாற்று, மலையின் நடுவிலேயே மையம் வைத்த புரொஜெக்‌ஷன்:

```
+proj=tmerc +lat_0=10.2 +lon_0=78 +k=1 +x_0=50000 +y_0=100000 +datum=WGS84 +units=m +no_defs +type=crs
```

இங்கே நடுக் கோட்டிலிருந்து 10 கிலோமீட்டர் தள்ளிப் போனாலும் பிழை கிலோமீட்டருக்கு 1.2 மில்லிமீட்டர்தான். `x_0`, `y_0` இரண்டையும் வேண்டுமென்றே வெவ்வேறாக வைத்திருக்கிறேன். எதிர்ம எண் வராது. X-உம் y-உம் இடம் மாறினாலோ, யூடிஎம் எண்களோடு கலந்துவிட்டாலோ பார்த்தவுடன் பிடிபடும்.

பரப்புதானே முக்கியம், சமப்பரப்பு `laea` எடுக்கலாமே என்பது அடுத்த வாதம். கொள்கையளவில் சரிதான். ஆனால் இந்த மையத்தைச் சுற்றி 10-க்கு 10 கிலோமீட்டர் சதுரம் போட்டால் `tmerc` காட்டும் பரப்புப் பிழை மொத்தம் 20 சதுர மீட்டர் அளவுதான், ஒரு சின்ன அறை. ஒரு கோபுரத்திலிருந்து எல்லா இடத்துக்கும் தூரம் வேண்டும் என்றால் `aeqd` பொருத்தம், மையத்தை அந்தக் கோபுரத்தில் வைக்க வேண்டும். மற்றபடி இவ்வளவு சிறிய பகுதியில் எந்தக் குடும்பம் என்பதைவிட மையம் எங்கே என்பதுதான் முடிவைத் தீர்மானிக்கிறது. எல்லா மென்பொருளுக்கும் பழகியது என்பதால் என் தேர்வு `tmerc`.

அப்புறம், உயரம். மேலே சொன்ன துல்லியம் எல்லாம் நீள்கோளப் பரப்பில்தான். 1000 மீட்டர் உயரத்தில் தரையில் அளக்கும் ஒரு கிலோமீட்டர், கட்டத்தில் 15.7 சென்டிமீட்டர் குறைவாகத் தெரியும். புரொஜெக்‌ஷன் பிழையைவிட இது நூறு மடங்குக்கும் மேல். டோட்டல் ஸ்டேஷன் அளவோடு நேரடியாகப் பொருத்த வேண்டுமானால் `+k=1.000157` என்று எழுதலாம். ஆனால் 100 சதுர கிலோமீட்டருக்கு 3 ஹெக்டேர் கூடிவிடும். ஆகவே பரப்பு சொல்லும் வேலைக்கு `k=1`, தரையில் எல்லை குறிக்கும் வேலைக்கு மட்டும் மற்றது.

எழுதியதைச் சோதிக்க ஒரு வரி போதும்:

```
echo 78 10.2 | proj -S +proj=tmerc +lat_0=10.2 +lon_0=78 +k=1 +x_0=50000 +y_0=100000 +datum=WGS84
```

தீர்க்கரேகை முதலில், அட்சரேகை அடுத்து. 50000, 100000 என்று வந்து, கோண அடைப்புக்குள் அளவுக் காரணிகள் 1 என்று இருந்தால் சரி.

யூடிஎம் வெல்லும் இடம் ஒன்று உண்டு: பகிர்வு. EPSG:32643 என்றால் யாருக்கும் புரியும். க்யூஜிஐஎஸ் நம் புரொஜெக்‌ஷனுக்கு USER:100000 என்பது போல ஒரு எண் தரும். அது நம் கணினிக்குள் மட்டும் செல்லும், இன்னொரு கணினியில் அதே எண் வேறு ஒன்றைக் குறிக்கலாம். அதனால் கோப்போடு முழு வரையறையையும் அனுப்ப வேண்டும், அதுவும் `projinfo` மூலம் WKT2 ஆக்கி அனுப்புவது நல்லது. PROJ சரத்தில் டேட்டம் விவரம் எல்லாம் முழுதாக அடங்காது. பகுப்பாய்வை நம் கட்டத்தில் முடித்துவிட்டு, வெளியே தரும் நகலை 32643-க்கு மறுபுரொஜெக்ட் செய்து, பரப்பு எண்களைத் தனிப் பத்தியில் எழுதிக் கொடுப்பதே நான் செய்வது.