நாலு வருஷமாக முடி வரையும் பேனா

போன வாரம் சிவகங்கையிலிருந்து ஒரு தம்பி போன் செய்தான். கல்யாணப் படம் எடுப்பவன், இப்போது ரீடச்சிங்கையும் தானே செய்துபார்க்கப் போகிறானாம். "அக்கா, நீங்க வச்சிருக்கிற பென் டேப்லெட் விலை இறங்கியிருக்கு. வாங்கிடவா?" என்றான். வாங்கு என்றும் சொல்ல முடியவில்லை, வேண்டாம் என்றும் சொல்ல வரவில்லை. நாலு வருஷம் தினமும் கையில் பிடித்த பொருளைப் பற்றி ஒரு வார்த்தையில் சொல்ல முடியுமா? அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு வரும் வேலையில் பாதி மாப்பிள்ளைகளின் தலை. முன்நெற்றி ஏறியிருக்கும், உச்சியில் முடி கொட்டியிருக்கும். ஆல்பத்தில் அது தெரியக்கூடாது, ஆனால் நான் திருத்தியிருப்பதும் தெரியக்கூடாது. இதற்கு ஒவ்வொரு முடியையும் வேரில் தடித்து நுனியில் காணாமல் போகும்படி இழுக்க வேண்டும். மவுஸில் அது நடக்காது, கையின் அழுத்தத்துக்கு ஏற்பக் கோட்டைத் தடிக்கவும் மெலியவும் வைக்கும் பேனா வேண்டும்.

எல்லாவற்றிலும் கஷ்டமானது தாலி கட்டும் படம். மாப்பிள்ளை குனிகிறார், போட்டோகிராபர் ஸ்டூல் மேல் நின்று எடுக்கிறார், உச்சந்தலை நேராக கேமராவைப் பார்க்கிறது. மேலேயிருந்து பிளாஷ் வேறு. இரண்டு மாதத்துக்கு முன் வந்த ஒரு படத்தில் சுழியைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்குத் தோல் பளபளத்தது. வீட்டுக்காரர்கள் அந்தப் படத்தைத்தான் 12x36 ஷீட்டில் முழுதாகப் போடச் சொல்லியிருந்தார்கள்.

முதலில் முடியே வரையவில்லை. தலை வெறுமையாகத் தெரிவதற்குப் பெரிய காரணம் இருக்கிற முடிக்கு நடுவே மின்னும் தோல்தான். அந்த மினுக்கை அடக்கினாலே பாதி முடி முளைத்த மாதிரி ஆகிவிடும். போட்டோஷாப்பில் தனி லேயரில் Multiply வைத்து, முடிக்கும் தோலுக்கும் நடுவிலிருக்கும் ஒரு மங்கிய பழுப்பைப் படத்திலிருந்தே எடுத்து, மெத்தென்ற பிரஷில் 10 முதல் 15 சதவீத Opacity-இல் இரண்டு மூன்று தடவை பூசினேன். கருப்பை எடுத்து அப்பினால் கண்மை ஈஷின மாதிரி இருக்கும். ஸ்டுடியோக்களிலிருந்து திருப்பி அனுப்பப்படும் படங்களில் பெரும்பாலும் இதைத்தான் பார்க்கிறேன்.

அப்புறம் திசை. இன்னொரு லேயரில் சிவப்பு நிறத்தில் அம்புக்குறிகள் போட்டுக்கொண்டேன், முடிந்ததும் அழித்துவிடலாம். முடி சுழியிலிருந்து வெளியே கிளம்பி வளைந்து போகும். அதிகமானவர்களுக்கு அது கடிகாரம் சுற்றும் பக்கமாகச் சுழலும். இவருக்கும் அப்படித்தான். இருக்கிற முடிகளில் நாலைந்தைத் தொடர்ந்து பார்த்தாலே பாதை தெரிந்துவிடும். அதை விட்டு வெளியே வந்தால் இல்லாத இடத்தில் இரண்டாவது சுழி உருவாகிவிடும். ஆரம்ப காலத்தில் ஒருமுறை அப்படிச் செய்து, "இரட்டைச் சுழி இருந்தா ரெண்டு கல்யாணம்னு சொல்லுவாங்களே, பொண்ணு வீட்ல பார்த்தா என்ன நினைப்பாங்க" என்று மாப்பிள்ளையின் அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அதுவும் தாலி கட்டும் படத்தில்.

பிறகுதான் முடி. 24 மெகாபிக்சல் படத்தில் இரண்டு மூன்று பிக்சல் தடிமன் போதும். அடர்முடியிலிருந்து ஒரு நிறம், அதைவிடக் கொஞ்சம் வெளிறினது ஒன்று, பிளாஷ் பட்ட இடத்துக்கு ஒன்று என மூன்றை மாற்றி மாற்றி எடுத்தேன். சீராக நிரப்பாமல் மூன்று நான்காகச் சேர்த்து, இடையில் தோல் தெரிய விட்டேன். முன்நெற்றியிலும் இதே கதைதான், ஆனால் அங்கே ஓரத்தில் மெல்லிய, குட்டையான, வெளிறிய பூனைமுடி வேண்டும். கோடு பிடித்தாற்போல் ஓரம் விழுந்தால் விக் ஆகிவிடும். நெற்றியையும் ஒரு விரல் அகலத்துக்கு மேல் இறக்குவதில்லை. வீடியோவில் பழைய நெற்றிதானே இருக்கும்!

இனி என் வயிற்றெரிச்சல். இந்தப் பேனா எல்லாம் செய்யும், நுனியை மட்டும் முடிக்காது. பிரஷின் Shape Dynamics-இல் Size-க்கு Pen Pressure கொடுத்து, Minimum Diameter-ஐ 0% ஆக்கியிருக்கிறேன். கை லேசாகத் தூக்கும்போது கோடு மெலிந்துகொண்டே போய் மறைய வேண்டும். என் பேனாவில் மெலிய ஆரம்பித்த இடத்திலேயே நறுக்கென்று நின்றுவிடும். கத்தரித்துவிட்ட மாதிரி நுனி. நூறு முடி வரைந்தால் நூறும் அப்படி.

பெட்டியில் 8192 அழுத்த நிலைகள் என்று பெரிதாக அச்சடித்திருக்கிறார்கள். அதை நம்பித்தான் வாங்கினேன். முடி வரைகிறவர்களுக்கு அந்த எண்ணால் ஒரு பயனும் இல்லை. பேனா உணர ஆரம்பிப்பதற்கு எவ்வளவு குறைந்த அழுத்தம் போதும் என்பதுதான் விஷயம். அதற்குக் கீழே போனால் பேனாவைப் பொறுத்தவரை கை எடுத்தாயிற்று. டிரைவரில் அழுத்த வளைவை எவ்வளவு மாற்றினாலும் அந்த எல்லை இறங்காது, கோட்டின் தடிமன்தான் மாறும். கடையில் சோதிக்க எளிய வழி உண்டு. பேனாவை அழுத்தாமல், அதன் சொந்த எடையில் மட்டும் நிற்கும்படி பிடித்து இழுத்துப் பாருங்கள். கோடு விழுந்தால் வாங்கலாம். என்னுடையது முதல் வருஷம் விழுந்தது. அப்புறம் மெல்ல மெல்ல முரட்டுத்தனம் வந்துவிட்டது. நிப் தேய்ந்திருக்கும் என்று மாற்றினேன், உரசல் குறைந்ததே தவிர நுனி வரவில்லை. சர்வீஸில் "நார்மல்தான் மேடம்" என்றார்கள்.

Pen Pressure-க்குப் பதில் Fade வைத்தும் பார்த்தேன். நாம் கொடுக்கும் படி எண்ணிக்கை முடிவதற்குள் கோடு தானே மெலிந்து மறையும், அழுத்தம் தேவையில்லை. நுனி அழகாகத்தான் வந்தது. ஆனால் எல்லா முடியும் ஒரே நீளம், மாப்பிள்ளை தலையில் துடைப்பம். ஒவ்வொரு ஏழெட்டு முடிக்கும் படி எண்ணிக்கையை மாற்றிக்கொண்டிருந்தால் அன்றைக்கு ஒரு தலைதான் முடியும். கடைசியில் தாலிப் படத்தை முடித்தது இப்படி: மழுங்கின நுனியோடு வரைந்து, லேயருக்கு மாஸ்க் போட்டு, மெத்தென்ற பிரஷால் நுனிகளை மட்டும் தடவி மறைத்தேன். கூடுதலாக நாற்பது நிமிஷம். கடைசியில் படத்தின் பொரிபொரிப்புக்கு ஏற்ப Monochromatic போட்டுக் கொஞ்சம் Noise சேர்த்தேன். இல்லையென்றால் வரைந்த முடி மட்டும் வழவழவென்று தனியாக நிற்கும்.

நியாயமாகவும் பேச வேண்டும். நாலு வருஷத்தில் டேப்லெட் ஒருநாள் கூட நின்றதில்லை. மேல் தளத்தில் கீறல்கள் இருக்கின்றன, வேலை கெடவில்லை. ஒயர் ஒருமுறை மாற்றினேன். வளைவான கோட்டை என் கை நினைக்கிற இடத்திலேயே போடுகிறது, சுழியைச் சுற்றும்போது அது எவ்வளவு பெரிய விஷயம் என்று வரைந்தவர்களுக்குத் தெரியும். இரண்டு குழந்தைகள் அதன் மேல் ஏறி நின்றிருக்கிறார்கள். அந்தத் தாலிப் படம் பிரிண்ட் ஆகி வந்தபோது மாப்பிள்ளையே தன் உச்சந்தலையை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் பக்கத்தைத் திருப்பினாராம்.

தம்பியிடம் கடைசியில் "வேண்டாம்டா, இன்னும் கொஞ்சம் காசு சேர்த்து, எடையிலேயே கோடு விழுகிற பேனாவா பார்த்து வாங்கு" என்று சொன்னேன்.

"சரிக்கா. அப்போ நீங்களும் வேற வாங்குவீங்கல்ல? பழசை எனக்குக் கொடுங்க, கத்துக்க ஆகும்."

அதெல்லாம் முடியாது என்று வைத்துவிட்டேன். அன்று ராத்திரியே அந்த இறங்கிய விலையில் இன்னொன்று ஆர்டர் போட்டிருக்கிறேன், பேனாவுக்காக.