வாரிசுச் சான்றிதழா, சக்சஷன் சர்டிபிகேட்டா: எந்தக் கவுண்டரில் எது செல்லும்?

தமிழ்நாட்டில் ஒருவர் உயிலோ நாமினியோ இல்லாமல் இறந்துபோனால், குடும்பத்துக்கு முதலில் வேண்டியது தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ். பெரும்பாலான வேலைகள் அதிலேயே முடிந்துவிடும். நீதிமன்றம் தரும் சக்சஷன் சர்டிபிகேட்டுக்கு எடுத்த எடுப்பில் ஓட வேண்டியதில்லை. வங்கியோ அஞ்சலகமோ எழுத்தில் கேட்ட பிறகு, கேட்ட தொகைக்கு மட்டும் வாங்கினால் போதும்.

வாரிசுச் சான்றிதழ், இறந்தவருக்கு வாரிசுகள் யார் யார் என்று பெயர், உறவு, வயதோடு சொல்லும் பட்டியல். இ-சேவை மையத்தில் கேன் எனப்படும் குடிமக்கள் பதிவு எண் எடுத்து, இறப்புச் சான்று, வாரிசுகளின் ஆதார், குடும்ப அட்டை ஆகியவற்றோடு விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் 60 ரூபாய். கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் விசாரித்து அறிக்கை தந்ததும் தாசில்தார் வழங்குவார். பட்டா மாற்றம், குடும்ப ஓய்வூதியம், கருணை அடிப்படையிலான வேலை ஆகியவற்றுக்கு இதைத்தான் கேட்பார்கள். நிலம், வீடு விஷயத்தில் சக்சஷன் சர்டிபிகேட்டை யாராவது வாங்கச் சொன்னால் சந்தேகப்படுங்கள். 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி அது கடன்களுக்கும் பங்குப் பத்திரம் போன்ற முதலீடுகளுக்கும் மட்டுமே உரியது. வங்கி டெபாசிட், வங்கி நமக்குத் தர வேண்டிய கடன் என்பதால் அதில் அடங்கும், வீட்டுமனை அடங்காது.

அப்படியானால் தாசில்தார் முத்திரையோடு போனாலும் சில வங்கிகள் ஏன் தயங்குகின்றன? இதற்கான விடை தெரிந்தால் மற்றதெல்லாம் எளிது. வங்கி மேலாளரின் கவலை, வாரிசு யார் என்பதைவிட, நாளைக்கு இன்னொரு வாரிசு வந்து நின்றால் அந்தப் பணத்தை வங்கி இரண்டாம் முறை கொடுக்க நேருமோ என்பதுதான். சக்சஷன் சர்டிபிகேட் வைத்திருப்பவருக்கு நல்லெண்ணத்தோடு பணம் கொடுத்துவிட்டால் வங்கியின் பொறுப்பு அதோடு தீர்ந்தது என்று அதே சட்டத்தின் 381-ஆம் பிரிவு சொல்கிறது. வாரிசுச் சான்றிதழுக்கு அப்படிப்பட்ட சட்டப் பாதுகாப்பு இல்லை. அந்தக் குறையை ஈடுகட்டத்தான் வங்கி உங்களிடம் இழப்பீட்டுப் பத்திரமும், பணத்தை வாங்காத வாரிசுகளிடமிருந்து ‘எனக்கு ஆட்சேபணை இல்லை’ என்ற கடிதமும் கேட்கிறது. ஆக, வங்கி இரண்டு சான்றையும் ஆபத்தின் அளவை வைத்து எடை போடுகிறது. தொகை சிறிதாக இருந்து எல்லா வாரிசுகளும் கையெழுத்துப் போட்டால் தாசில்தார் தாள் போதும். தொகை பெரிதானாலோ, ஒருவர் முறைத்துக்கொண்டாலோ நீதிமன்றத் தாளைக் கேட்கலாம்.

அந்த அளவு எது என்பதை இப்போது மேலாளரின் மனநிலைக்கு விட்டுவைக்கவில்லை. 2025 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதிகள், நாமினி இல்லாத கணக்குகளுக்கான எளிய நடைமுறைக்கு வணிக வங்கிகளில் 15 லட்சம் ரூபாய், கூட்டுறவு வங்கிகளில் 5 லட்சம் ரூபாய் என வரம்பு வைத்திருக்கின்றன. இதை நடைமுறைப்படுத்த வங்கிகளுக்கு 2026 மார்ச் 31 வரை கெடு தரப்பட்டது. தகராறு இல்லாமல், ஆவணங்கள் முழுமையாக வந்துசேர்ந்தால் 15 நாளுக்குள் தீர்க்க வேண்டும் என்பதும் அதே விதிகளில் இருக்கிறது. வரம்புக்குள் இருந்தும் நீதிமன்றத்துக்குப் போகச் சொன்னால், காரணத்தை எழுத்தில் தரும்படி கேளுங்கள். பல நேரம் அந்தக் கடிதம் எழுதப்படுவதற்குள்ளேயே வேலை நகர்ந்துவிடும். அஞ்சலகத்தின் கணக்கு வேறு. அங்கே நாமினி இல்லாவிட்டால், 5 லட்சம் வரை இறந்து ஆறு மாதம் கழிந்தபின் இழப்பீட்டுப் பத்திரம், பிரமாணப் பத்திரம், மற்ற வாரிசுகள் உரிமையை விட்டுக்கொடுக்கும் கடிதம் வைத்துத் தருவார்கள். அதற்கு மேல் போனால் நீதிமன்ற ஆவணம் இல்லாமல் தர மாட்டார்கள்.

ஓர் உதாரணம் பார்ப்போம். இறந்தவருக்கு மனைவி, மகன், மகள், அம்மா ஆகிய நால்வரும் வாரிசுகள். எதற்கும் நாமினி இல்லை. வணிக வங்கியில் 9 லட்சம், கூட்டுறவு வங்கியில் 3 லட்சம், அஞ்சலகத்தில் ஒரே கணக்கில் 6 லட்சம், ஊரில் கொஞ்சம் நிலம். மொத்த ரொக்கம் 18 லட்சம் என்று சொல்லி வழக்கறிஞரிடம் போனால், 18 லட்சத்துக்கும் மனு தயாராகும். சக்சஷன் மனுவுக்கு நீதிமன்றக் கட்டணம் தொகையை ஒட்டிக் கணக்கிடப்படுவதால் செலவும் அதற்கேற்ப ஏறும். நிதானமாகப் பிரித்துப் பார்த்தால், நிலமும் இரண்டு வங்கிக் கணக்குகளும் வாரிசுச் சான்றிதழிலேயே முடிகின்றன. நீதிமன்றம் தேவைப்படுவது அஞ்சலகத்தின் 6 லட்சத்துக்கு மட்டும். முதல் பன்னிரண்டு லட்சத்தை வாங்கிவிட்டு, மீதிக்கு மட்டும் மனு போடலாம்.

மனு போடும் இடம், இறந்தவர் கடைசியாக வழக்கமாகக் குடியிருந்த பகுதியின் நீதிமன்றம். மற்ற வாரிசுகள் எல்லாருக்கும் நோட்டீஸ் போகும். பொதுவாக நாளிதழ் விளம்பரமும் கேட்பார்கள். யாரும் எதிர்க்காவிட்டாலும் வாரக்கணக்கில் முடிகிற வேலை இல்லை, மாதங்கள் ஆகும். பெரிய தொல்லை மனுவின் அட்டவணையில்தான் வரும். எந்தக் கணக்கு எண், எவ்வளவு தொகை என்று அதில் எழுதியதுதான் சான்றிலும் அச்சாகும். எண்ணில் ஓரிலக்கம் பிசகினாலும் கவுண்டரில் திருப்பிவிடுவார்கள். மனு எழுதும் முன்பே வங்கியிடமோ அஞ்சலகத்திடமோ கணக்கு எண்ணும் இருப்பும் போட்ட கடிதம் வாங்கிக்கொண்டு, அதைப் பார்த்தே அட்டவணையை நிரப்பச் சொல்லுங்கள். விட்டுப்போன கணக்கு பின்னால் கிடைத்தால் புது மனு வேண்டாம். 376-ஆம் பிரிவின் கீழ் அதே சான்றை நீட்டிக்கக் கேட்கலாம்.

வாரிசுச் சான்றிதழில் அடிக்கடி நேரும் தவறு, அம்மாவை விட்டுவிடுவது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் அம்மா முதல் வகுப்பு வாரிசு. இறந்தவரின் சுயசம்பாத்தியத்தில் மேற்சொன்ன நால்வருக்கும் சம பங்கு, அதாவது ஆளுக்குக் கால் பங்கு. அப்பா அந்த வகுப்பில் இல்லை. இறந்தவருக்குப் பிறகு, பணம் வாங்கும் முன்பே அம்மாவும் காலமாகிவிட்டால் அவருடைய கால் பங்கு மறைந்துபோகாது. அது அம்மாவின் வாரிசுகளுக்குப் போகும். இறந்தவரின் அண்ணன், தம்பி, அக்கா, தங்கையரும் அதில் வருவார்கள். அம்மாவுக்குத் தனியாக இன்னொரு வாரிசுச் சான்றிதழும் அவர்களுடைய கையெழுத்தும் தேவைப்படும். வங்கிப் பணத்தைத் தள்ளிப்போடக் கூடாது என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் இல்லை.

இரண்டு மனைவி, பதிவு செய்யாத தத்து, பிரிந்து வாழும் மகன் என்று வாரிசுகளுக்குள்ளேயே வழக்கு இருந்தால் நான் சொன்ன வரிசை செல்லாது. தாசில்தார் தகராறைத் தீர்த்துவைக்க மாட்டார். உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகச் சொல்வார். வங்கியின் எளிய நடைமுறையும் அங்கே நின்றுவிடும். சக்சஷன் சர்டிபிகேட் வாங்கினாலும், பணத்தை வசூலிக்கும் அதிகாரம்தான் கிடைக்கும். யாருக்கு எவ்வளவு பங்கு என்ற கேள்வியை அது முடித்துவைக்காது என்று 387-ஆம் பிரிவே சொல்கிறது. வசூலித்தவர் மற்றவர்களின் பங்கைப் பிரித்துக் கொடுக்காவிட்டால், அவர்மேல் தனியாக வழக்குப் போடலாம்.